பறக்கும் கற்பூரம், பறக்காத வேம்பு

பட்டுப்புடவைப் பெட்டியில் ஒரு முடிச்சு, அரிசி டின்னில் ஒரு முடிச்சு. பழைய வேட்டியில் கிழித்த சதுரத் துண்டு. அதற்குள் ஒரு பிடி காய்ந்த வேப்பிலை, பதினைந்து இருபது கிராம்பு, இரண்டு மூன்று கற்பூர வில்லை. வாயை நூலால் இறுக்கிக் கட்டிப் போட்டுவிட்டால் பூச்சி அண்டாது என்பது பல வீடுகளின் கணக்கு. கணக்கு முழுக்கத் தப்பில்லை. ஆனால் மூன்றுமே பூச்சிக்கு ஆகாதவை என்பதோடு அவற்றின் ஒற்றுமை முடிந்துவிடுகிறது. கற்பூரம் காற்றில் ஏறிப் போய் வேலை செய்கிறது. கிராம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வேலை செய்கிறது. வேம்போ தன்மேல் வாய் வைக்கும் பூச்சியிடம் மட்டுமே தன் வலிமையைக் காட்டுகிறது. இந்த வேறுபாடு பிடிபட்டால், பெட்டியில் பலித்த முடிச்சு டின்னில் ஏன் பலிக்கவில்லை என்பதும், டின்னுக்குள் போகவே கூடாதது எது என்பதும் தானாக விளங்கும்.

முடிச்சை அவிழ்த்ததும் மூக்கில் ஏறுவது கற்பூரம்தான், அதிலிருந்தே தொடங்கலாம். வில்லையிலிருந்து அரிசிக் குருணை அளவு ஒரு துணுக்கைச் சுரண்டி, சோப்போ எண்ணெயோ ஒட்டாத கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். துணுக்கு மிதக்கும். மிதப்பதோடு நிற்காது, சுழலும், விர்ரென்று ஓரத்துக்கு ஓடும், முட்டித் திரும்பும். கற்பூரம் கரையும் இடத்தில் தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைகிறது. துணுக்கின் எல்லாப் பக்கத்திலும் அது ஒரே அளவில் குறைவதில்லை என்பதால், இழுவிசை கூடுதலாக உள்ள பக்கம் துணுக்கை இழுத்துக்கொண்டே போகிறது. நீர்ப்பரப்பில் படர்ந்த கற்பூரம் உடனுக்குடன் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுவதால் ஓட்டமும் ஓய்வதில்லை. ஊசிமுனையில் துளி எண்ணெய் தொட்டு அந்தத் தண்ணீரில் வைத்தால் துணுக்கு அந்தக் கணமே நின்றுபோகும்.

இதே கிண்ணம் இன்னொன்றுக்கும் உதவும். பெட்டியடியில் கிடக்கும் வெள்ளை உருண்டை கற்பூரமா, பாச்சை உருண்டை என்று கடையில் விற்கும் நாப்தலினா என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டை நல்ல தண்ணீரில் போடுங்கள். கற்பூரம் தண்ணீரைவிடச் சற்றே எடை குறைந்தது, மிதக்கும். நாப்தலின் மூழ்கும். இதைத் தெரிந்துகொள்வது அவசியம். நாப்தலின் மணம் ஏறிய துணியைக் கைக்குழந்தைக்குச் சுற்றினால் சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை கடுமையாகும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். அந்தக் குறை இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரிந்திருப்பதில்லை.

கற்பூரம் உருகித் திரவமாகாமலேயே நேராக ஆவியாகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ ஒன்றரை கிராம், அதற்குச் சற்று மேல், கற்பூர ஆவியை ஏற்கும். நம் ஊர்ச் சூட்டில் அது இன்னும் கூடும். ஒரு நடுத்தர டிரங்குப் பெட்டியின் கொள்ளளவு 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் காற்று முழுவதையும் கற்பூர மணத்தால் நிரப்ப அரை கிராம்கூடத் தேவைப்படாது. ஒரு சிறு வில்லை போதும். காற்று நிறைந்துவிட்டால் மேற்கொண்டு வில்லை கரைவது நின்றுபோக வேண்டும். நடப்பில் நிற்பதில்லை. பெட்டிக்குள் இருக்கும் பட்டும் கம்பளியும் ஆவியை உறிஞ்சிக்கொள்கின்றன; மூடியின் இடுக்கு வழியே கொஞ்சம் வெளியேறுகிறது; திறக்கும்போதெல்லாம் உள்ளே இருந்த காற்று போய்ப் புதுக்காற்று வருகிறது. ரப்பர் விளிம்போடு இறுக மூடும் பெட்டியில் நாலைந்து மாதம் தாங்கும் கற்பூரம், தினம் நாலு தரம் திறக்கும் பீரோவில் சில வாரங்களில் காணாமல் போகும் காரணம் இதுவே. எத்தனை வில்லை போட்டோம் என்பதைவிட மூடி எவ்வளவு இறுக்கம் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். திறந்த அலமாரியில் வைத்த முடிச்சு அறைக்கு மணம் கொடுக்கும், துணிக்குக் காவலாகாது.

கற்பூரத்துக்குத் தானியப் பூச்சியைக் கொல்லும் வல்லமை உண்டா? உண்டு. கற்பூரத் துளசி என்று நம் ஊரிலும் வளர்க்கும் ஆப்பிரிக்கத் துளசியின் எண்ணெயில் கற்பூரமே முதன்மைப் பொருள். அந்தக் கற்பூரத்தைச் சேமிப்புத் தானியத்தைத் தாக்கும் நான்கு வகை வண்டுகளின்மேல் சோதித்து ஓபெங்-ஓஃபோரியும் அவரது சகாக்களும் 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு கிலோ தானியத்துக்கு 100 மில்லிகிராம் கலந்தபோது பெரும்பாலான கூன்வண்டுகள் ஒரே நாளில் செத்தன. மணிக்குள்ளே இருந்த முட்டையும் புழுவும்கூட வளரவில்லை. ஆனால் கலந்து ஒரு நாள் கழிந்த தானியத்தில் வண்டுகளை விட்டால் அந்த நஞ்சு வெகுவாக வலு இழந்திருந்தது. மணிக்குள் ஊடுருவிப் போக முடிகிற அளவுக்கு வேகமாகப் பறக்கும் பொருள், அதே வேகத்தில் தானியத்தை விட்டும் பறந்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு, பத்துக் கிலோ அரிசிக்கு ஒரு வில்லை என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. பூஜைக் கற்பூரம் உண்ணும் பொருள் அல்ல. ஒன்றிரண்டு வயதுக் குழந்தை ஒரு கிராம் அளவு விழுங்கினாலே உயிருக்கு ஆபத்தாகலாம். சில நிமிடங்களிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். விழுங்கியது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். துணிப்பெட்டிக்குள் இருக்கும் முடிச்சுக்கும் இது பொருந்தும். அது குழந்தை கைக்கு எட்டாத பெட்டியாக இருக்க வேண்டும். அரிசி டின்னில் போடும் முடிச்சில் கற்பூரத்துக்கு இடமே இல்லை. அரிசி மணத்தை நன்றாக உறிஞ்சும். கழுவினாலும் வேகவைத்தாலும் சோற்றில் அந்த வாடை தங்கும்.

கிராம்பின் போக்கு நேர் எதிர். கிராம்பு என்பது விரியாமல் காய்ந்த பூமொட்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மலைத் தோட்டங்களில் மொட்டு இளஞ்சிவப்பாகும் பருவத்தில் பறித்துக் காயவைக்கிறார்கள். ஒரு கிராம்பை பிளேடால் நெடுக்காக இரண்டாகப் பிளந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், தோலை ஒட்டி உள்பக்கமாகச் சிறு சிறு குழிகள் வரிசையாகத் தெரியும். எண்ணெய் இருப்பது அந்தக் குழிகளில். நல்ல கிராம்பின் எடையில் 15 முதல் 20 விழுக்காடு எண்ணெய். அதில் பெரும்பங்கு யூஜெனால். பல்வலிக்குக் கிராம்பு வைத்தால் மரத்துப்போவது இதனால்தான். யூஜெனாலின் கொதிநிலை 250 டிகிரியைத் தாண்டுகிறது. அறை வெப்பத்தில் அது ஆவியாகும் வேகம் கற்பூரத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு தேறலாம். அதோடு, முழுக் கிராம்பில் எண்ணெய்க் குழிகள் மூடியே கிடக்கின்றன. அஞ்சறைப் பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிராம்பு காரம் இழக்காமல் இருப்பது அதனால்தான். சமையலுக்கு அது நல்ல குணம். முடிச்சுக்கு ஆகாத குணம். முழுசாகப் போட்ட கிராம்பு பூச்சிக்குச் சொல்லும் சேதி மிகக் குறைவு. அம்மியிலோ இடிகல்லிலோ ஒரே ஒரு தட்டு தட்டி, பொடியாகாமல் இரண்டு மூன்றாக உடைத்துப் போட்டால்தான் குழிகள் திறக்கும்.

திறந்தால் என்ன நடக்கிறது? பூச்சிகளின் நரம்புகளில் ஆக்டோபமைன் என்ற வேதிப்பொருள் சேதி கடத்துகிறது. பறப்பது, ஓடுவது, இதயத் துடிப்பு போன்றவற்றை முடுக்குவதில் அதற்குப் பங்குண்டு. நம் உடலில் அந்த வேலையை அட்ரினலின் குடும்பம் பார்க்கிறது. யூஜெனால் இந்த ஆக்டோபமைன் ஏற்பிகளைக் குழப்புகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பூச்சிக்குப் பிராண அவஸ்தையாகும் அளவு கிராம்பு நமக்கு வெறும் மணமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் அந்தச் சோதனைகளில் பயன்பட்டது வடித்த எண்ணெய். இருபது கிராம்பு என்பது சுமார் இரண்டு கிராம். அதில் மொத்த எண்ணெயே 300, 400 மில்லிகிராம்தான். அதுவும் மெல்ல மெல்லவே வெளிவரும். வீட்டு முடிச்சில் கிராம்பு கொல்வதில்லை. நடந்து வரும் வண்டை முகம் சுளித்துத் திரும்ப வைக்கிறது, அவ்வளவே.

இனி வேம்பு. மூன்றில் பெருமை பெற்றது அது. முடிச்சுக்குள் மிகக் குறைவாக வேலை செய்வதும் அதுதான். 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை ஒன்று இறங்கியது. கண்ணில் பட்ட இலையையெல்லாம் தின்று தீர்த்த அந்தப் படை வேப்பமரத்தில் உட்கார்ந்துவிட்டுத் தின்னாமலே போனதை ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் கவனித்தார். 1962இல் டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பிரதானும் அவரது சகாக்களும், வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்துக் கரைத்துப் பயிரில் தெளித்தால் வெட்டுக்கிளி அதை ஒதுக்குகிறது என்று எழுதினார்கள். 1968இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மார்கன் இருவரும் கொட்டையிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அசாடிராக்டின் என்று பெயர் பெற்ற அந்த மூலக்கூறு அவ்வளவு சிக்கலானது. அதை ஆய்வகத்தில் முதன்முதலாகச் செய்து முடிக்கக் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழுவுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 2007இல்தான் முடிந்தது. பாலைவன வெட்டுக்கிளி பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அசாடிராக்டினைக்கூட ருசி பார்த்துத் துப்பிவிடும். தப்பித் தவறித் தின்ற புழுவுக்குத் தோலுரிக்கத் தேவையான ஹார்மோன் சுரப்பு தடுமாறுகிறது. பழைய தோலைக் கழற்ற முடியாமல் சாகிறது.

இவ்வளவு வலிமையும் வாயில் பட்டால்தான். அசாடிராக்டின் கனமான மூலக்கூறு. கற்பூரத்தைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு எடை. அது ஆவியாவதில்லை. முடிச்சுக்குள் கிடக்கும் வேப்பிலை, முடிச்சுக்கு ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்து பட்டைத் தின்னும் புழுவை ஒன்றும் செய்யாது. அந்தப் புழு வேப்பிலையைத் தின்னத் தேடி வருவதுமில்லை. மேலும் அசாடிராக்டின் செறிந்திருப்பது கொட்டையில். இலையில் அது மிகக் குறைவு. வெயிலில் அது சிதைந்தும் போகிறது. வெட்டுக்கிளியும் அந்துப்பூச்சிப் புழுக்களும் கூசும் அளவுக்கு வண்டுகள் அதைக் கண்டு கூசுவதுமில்லை. தானியத்தில் வேம்பு நன்றாகப் பலன் கொடுத்த சோதனைகள் பலவும் கொட்டைப் பருப்புத் தூளைத் தானியத்தோடு நேரடியாகக் கலந்தவை. 1965இல் டெல்லியில் ஜோத்வானியும் சிர்க்காரும் விதைக் கோதுமை 100 பங்குக்கு ஒன்றிரண்டு பங்கு கொட்டைத் தூள் கலந்து பல மாதங்கள் வண்டு ஏறாமல் காத்தார்கள். அங்கே ஒவ்வொரு மணியின் மேலும் கசப்பு ஒட்டியிருந்தது. வாய் வைக்கும் வண்டுக்குத் தப்ப வழியில்லை. விதைக்கு அது சரி. சோற்றுக்கு அரிசி கசக்கும்.

பச்சை வேப்பிலையை அப்படியே டின்னில் போடுவதோ கெடுதல். பச்சை இலையில் பாதிக்கு மேல் தண்ணீர். 50 கிராம் பச்சை இலை போட்டால் 25, 30 மில்லி தண்ணீரை டின்னுக்குள் ஊற்றியதற்குச் சமம். இலை காயும், அந்த ஈரத்தை அரிசி குடிக்கும், இலையைச் சுற்றி அரிசி கட்டி தட்டிப் பூஞ்சை பிடிக்கும். கூன்வண்டுக்கும் ஈரப்பதம் ஏறிய அரிசிதான் பிடிக்கும். ஆகவே இலையை நிழலில் பரப்பி, கையில் கசக்கினால் சருகு சருகாக நொறுங்கும் வரை காயவிட வேண்டும்.

இப்போது துணிப்பெட்டிக்கு வருவோம். சுவரில் ஒட்டிக்கொண்டு மெல்ல நகரும், வெள்ளரி விதை போன்ற சாம்பல் நிறக் கூடு ஒன்றைப் பலரும் பார்த்திருப்பார்கள். அரை அங்குல நீளம், தட்டையாக, நடுவில் அகன்றிருக்கும். சற்று நேரம் அசையாமல் கவனித்தால் ஒரு முனையிலிருந்து பழுப்புத் தலை எட்டிப் பார்த்து, மூன்று ஜோடிக் கால்களால் சுவரைப் பற்றிக் கூட்டை இழுக்கும். தொட்டால் உள்ளே போய், உள்ளேயே திரும்பி, மறு முனையில் தலை நீட்டும். மணலும் தூசியும் பட்டு நூலும் சேர்த்துப் புழு கட்டிய வீடு அது. சிலந்தி வலை, உதிர்ந்த முடி, கம்பளி இழை எல்லாம் அதற்குத் தீனி. கம்பளியைத் துளையிடும் துணி அந்துப்பூச்சிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. இந்தக் குடும்பத்துத் துணி அந்துப்பூச்சியில், இறகு முளைத்த பூச்சி எதையும் தின்பதில்லை. முட்டையிடும் வேலை மட்டுமே அதற்கு. தின்பது புழு. கம்பளி, ரோமம், இறகு ஆகியவற்றில் இருக்கும் கெராட்டின் என்ற கடினமான புரதத்தைச் செரிக்கும் அபூர்வ வயிறு அந்தப் புழுவுக்கு உண்டு. பட்டையும் கடிக்கும். ஆனால் வெறும் கெராட்டினில் அதற்குத் தேவையான உப்பும் வைட்டமினும் போதாது. ஆகவே வேர்வை ஊறிய கழுத்துப் பட்டி, குழம்பு சிந்திய முந்தானை ஆகிய இடங்களில்தான் துளை முதலில் விழுகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய் வந்த புடவையை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்து முடிச்சையும் போட்டால், பூச்சிக்கு விருந்து வைத்துவிட்டு வாசலில் மணம் மட்டும் பூசியதாகிறது. நிழலில் காற்றாட விட்டு, கறை நீக்கி, பிறகுதான் மடிக்க வேண்டும். பருத்தி வேட்டியில் ஓட்டை விழுந்தால் அது அந்துப்பூச்சியின் வேலையே அல்ல. கஞ்சி போட்ட மடிப்பைத் தேடி வந்த கரப்பானோ, ராமபாணம் என்று சொல்லும் வெள்ளிப் பூச்சியோ தின்றிருக்கும். பெட்டியில் வைக்கும் பருத்தித் துணிக்குக் கஞ்சி வேண்டாம்.

100 லிட்டர் பெட்டிக்கு நான் சொல்லும் அளவு இது. நிழலில் காய்ந்த வேப்பிலை ஒரு பிடி. அது நேரடியாக வேலை செய்யாவிட்டாலும் கற்பூரமும் கிராம்பும் துணியைத் தொடாமல் தாங்கும் மெத்தையாக இருக்கும். ஒரு தட்டுத் தட்டிய கிராம்பு இருபது. கற்பூரம் ஐந்து கிராம், ஒரு காகிதத்தில் மடித்து. காகிதம் ஆவியின் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும். இதை இரண்டு முடிச்சாகப் பிரித்து, ஒன்று அடியில், ஒன்று மேலே. துணிகளுக்கு நடுவில் ஆவி ஊடுருவ நேரமாகும் என்பதால்தான் இரண்டு இடம். முடிச்சு பட்டின் மேல் நேரடியாகப் படக்கூடாது. கிராம்பெண்ணெய் பட்டில் ஏறினால் பழுப்புக் கறை விழும், போகாது. ஜரிகைப் புடவையைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் முடிச்சு தொடாது, மணம் போகும். மாதம் ஒரு முறை முடிச்சை விரலால் அழுத்திப் பார்த்தால் போதும். காகிதத்துக்குள் வில்லை கையில் தட்டுப்படவில்லை என்றால் கற்பூரம் தீர்ந்துவிட்டது. வேப்பிலை மணமும் கிராம்பு மணமும் மிச்சமிருப்பதை வைத்து முடிச்சு இன்னும் உயிரோடிருப்பதாக நினைத்துவிடக் கூடாது.

ஏற்கெனவே துளை விழுந்திருந்தால், மடிப்பில் மணல்போன்ற எச்சமும் மெல்லிய வலையும் தெரிந்தால், முடிச்சு பயன்படாது. வீட்டுப் பெட்டியில் எட்டும் ஆவி, தின்றுகொண்டிருக்கும் புழுவைச் சாகடிக்கும் என்று நம்ப முடியாது. கம்பளிச் சால்வையை பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி எட்டும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். எடுத்தபின் பையைப் பிரிக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். உடனே பிரித்தால் துணியில் ஈரம் படியும். அருங்காட்சியகங்கள் பழைய துணிகளைக் காக்கும் முறையும் ஏறத்தாழ இதுதான்.

அரிசி டின்னின் கதை வேறு. பத்துக் கிலோ புழுங்கல் அரிசி வாங்கினீர்கள். முறத்தில் கொட்டிப் பார்த்தீர்கள், ஒரு வண்டு இல்லை. டின்னைக் கழுவிக் காயவைத்து, அரிசியைக் கொட்டி, வேப்பிலை கிராம்பு முடிச்சைப் போட்டு மூடினீர்கள். ஐந்தாவது வாரம் திறந்தால் மூடியின் உள்பக்கம் பத்துப் பதினைந்து கூன்வண்டுகள். முடிச்சு பழசோ, கிராம்பு சொத்தையோ என்று தோன்றும். உண்மையில் அந்த வண்டுகள் டின்னுக்குள் புதிதாக நுழையவில்லை. வாங்கிய அன்றே அரிசிக்குள் இருந்தன. பெண் கூன்வண்டு தன் நீண்ட மூக்கால் ஒரு மணியில் குழி தோண்டி, ஒரு முட்டை இட்டு, கோந்துபோன்ற சுரப்பால் குழியை அடைத்துவிடும். அது காய்ந்தால் அரிசியின் நிறத்தோடு கலந்துவிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. கால் இல்லாத வெள்ளைப் புழு மணிக்குள்ளேயே தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி, ஒரு நாள் ஓட்டை போட்டு வெளியே வரும். நம் ஊர் வெப்பத்தில் இதற்கு நாலைந்து வாரம். அந்த நாலைந்து வாரமும் அதன் வீடும் சாப்பாடும் அந்த ஒரு மணிக்குள். வெளியே கிராம்பு மணந்தால் அதற்கென்ன?

வெளியே வந்த வண்டுக்குத்தான் மணம் உறைக்கிறது. அப்போதும் முடிச்சுக்குப் பக்கத்து அரிசியில் மட்டும். அரிசியே மணத்தை உறிஞ்சிக்கொள்வதால் டின்னின் அடிக்குப் போகப் போக அது தேய்ந்துவிடும். மேலே வைத்த ஒற்றை முடிச்சு மேல் அடுக்கில் இருக்கும் வண்டை நகர்த்தும். அது மூடிக்கு ஏறும், அல்லது அடிக்குப் போகும், மூடி தளர்வாக இருந்தால் வெளியேறி அடுத்த டின்னுக்குப் போகும். வண்டு முடிச்சை விட்டு விலகுவதைப் பார்த்து முடிச்சு ஜெயித்ததாக எண்ணுவது எளிது. பக்கத்து ரவை டப்பாவையும் திறந்து பார்த்தால் கணக்கு முழுமையாகும்.

உள்ளே ஆள் இருக்கிறதா என்று அறிய வழிகள் உண்டு. ஒரு கைப்பிடி அரிசியைத் தண்ணீரில் போட்டுக் கிளறினால் குடைந்த மணிகள் மேலே மிதக்கும். டின் அடியில் பழுப்பு கலந்த மாவு படிந்திருந்தால், அது தவிடு அல்ல, புழு குடைந்த தூள். குவியலின் நடுவே கையை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தால், கூட்டம் பெருகிவிட்டது; அத்தனை உயிர்கள் மூச்சு விடும் சூடு அது. 

உள்ளிருக்கும் புழுவைத் தீர்க்கக் குளிரே வீட்டில் நம்பகமான வழி. அரிசியை இரண்டு கிலோ பைகளாகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி காட்டும் ஃப்ரீசரில் நான்கு நாள் வைக்க வேண்டும். பை நெருக்கமாக அடுக்கியிருந்தால் நடுப்பகுதி குளிர நேரமாகும், ஒரு வாரம் விடுவது மேல். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் அவ்வளவு குளிராது. அங்கே வைத்தால் புழு தூங்கும், சாகாது. வெயிலில் உலர்த்தும் வழக்கம் பயறுக்கு நல்லது. அரிசியைக் கொதிக்கும் வெயிலில் பரப்பினால் மணி கீறல் விட்டு, கழுவும்போது நொய்யாக உடையும். குளிர்ந்த பைகளைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, பிறகு காய்ந்த டின்னில் கழுத்து வரை நிரப்ப வேண்டும். கழுத்து வரை என்பதற்குக் காரணம் உண்டு. மேலே வெற்றிடம் குறையக் குறைய உள்ளே காற்று குறைவு. மூடி இறுக்கமாக இருந்தால், தப்பிப் பிழைத்த வண்டுகள் பெருகப் பெருக, அவை மூச்சு விட ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும். முடிச்சைவிட இந்த மூடியை நான் நம்புகிறேன்.

அதன்பின் முடிச்சுக்கு உண்மையான வேலை வருகிறது: வெளியிலிருந்து வரும் வண்டைத் தயங்க வைப்பது. பத்துக் கிலோவுக்கு மூன்று சிறு முடிச்சு. ஒவ்வொன்றிலும் நொறுங்கக் காய்ந்த வேப்பிலை கொஞ்சம், தட்டிய கிராம்பு ஏழெட்டு. அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று. கிராம்பை நகத்தால் கீறி மோந்து பார்த்து, காரம் குறைந்தால் மாற்றலாம்; இரண்டு மாதம் தாங்கும். சோற்றில் லேசாகக் கிராம்பு வாடை ஏறக்கூடும். ஏறினால் நடு முடிச்சை எடுத்துவிடலாம்.

குளிரவைத்த நாளைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். ஐந்து வாரத்துக்குள் வண்டு தென்பட்டால் குளிர் போதவில்லை, மணிக்குள் இருந்தது பிழைத்துவிட்டது; இன்னொரு முறை, இன்னும் சிறிய பைகளில், கூடுதல் நாள் வைக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துத் தென்பட்டால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. அப்போது பார்க்க வேண்டிய இடம் அரிசி டின் அல்ல. பரண்மேல் மறந்துபோன கோதுமைப் பை, கோழிக்கோ புறாவுக்கோ வாங்கி வைத்த கம்பு, அடுக்களை மூலையில் பாதி தீர்ந்த மாவுப் பொட்டலம், டின்னுக்கும் சுவருக்கும் நடுவே சிந்திக் கிடக்கும் ஒரு கைப்பிடி அரிசி ஆகியவற்றைத்தான் தேட வேண்டும்.